ஏழாம் நம்பர் கூண்டும் மூன்று மாதக் கெடுவும்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடிகாலையில் தங்கச்சிமடத்திலிருந்து மாமா போன் செய்தார். "என்னப்பா, பாம்பன்ல ஏழாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு போட்டிருக்க? இங்க கடலுக்குப் போக டோக்கன் குடுக்குறாங்க, கடலும் குளம் மாதிரி கிடக்கு." நான் எதுவும் போடவில்லை என்றேன். எழுந்து பார்த்தால் போட்டிருக்கிறேன், அதற்கு முந்தைய வருடம்.

நடந்தது இதுதான். முகநூல் தவிர மாஸ்டடானிலும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. காற்று, நீரோட்டம், பாம்பன் கூண்டு என்று அவ்வப்போது எழுதுவேன். அந்த வருடம் ஒரு ராத்திரி யாரோ சொன்னதை நம்பி, "பாம்பனில் ஏழாம் எண் கூண்டு" என்று போட்டுவிட்டேன். உண்மையில் ஏற்றியிருந்தது மூன்றாம் எண். மூன்று என்றால் பலத்த காற்று அடிக்கலாம், சூதானமாக இரு என்று அர்த்தம். ஏழு என்றால் புயல் இந்தத் துறைமுகத்தை ஒட்டியே கரை ஏறலாம் என்கிற அபாய எச்சரிக்கை. மறுநாள் காலையில் அதே பதிவுக்குக் கீழே திருத்தம் எழுதினேன். தவறான பதிவை 26 பேர் பூஸ்ட் செய்திருந்தார்கள், அதாவது நம் ஊர் ஷேர். திருத்தத்துக்குக் கிடைத்தது மூன்று.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் பழைய பதிவுகள் தானாக அழியும் வசதியைப் போட்டேன். வளைகுடாவில் இருக்கும் கீழக்கரை நண்பர் ஒருவர், "காக்கா, பழசையெல்லாம் எதுக்கு விட்டு வைக்கிறீங்க, யாராவது தோண்டுவாங்க" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அமைப்புகளில் Automated post deletion என்ற பக்கத்தில் கெடுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் தொடங்கி இரண்டு வருடம் வரை இருக்கிறது. நான் மூன்று மாதம் வைத்தேன். கீழே விதிவிலக்குகள் வரும். முகப்பில் பின் செய்தது, நாமே புக்மார்க் செய்தது போன்றவற்றை விட்டுவைக்கச் சொல்லலாம். இத்தனை பூஸ்ட்டுக்கு மேல் வாங்கியதைத் தொடாதே என்றும் சொல்லலாம். அந்தக் கட்டத்தில் 10 என்று போட்டேன். நாலு பேருக்குப் பிடித்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பு.

மூன்று மாதம் கழிந்தது. பூஸ்ட் மூன்றே வாங்கிய திருத்தம் அழிந்தது. இருபத்தாறு வாங்கிய பொய் அப்படியே நின்றது. அடுத்த மழைக்காலத்தில் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியாமல் வெட்டி, வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மாமாவுக்கு வந்தது அதுதான்.

இதில் மென்பொருள் தப்பு எதுவும் இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தது. அதற்குத் தெரிந்தது இரண்டே எண்: பதிவின் வயது, பூஸ்ட் கணக்கு. எந்தப் பதிவு எதற்குத் திருத்தம் என்று அதற்குத் தெரியாது. நம் ஊரில் வதந்திதான் வேகமாகப் பரவும், திருத்தம் நொண்டிக்கொண்டு வரும். ஆகவே அந்த 10 என்கிற வேலி நல்லதைக் காக்கவில்லை, பரபரப்பானதைத்தான் காத்தது. அதே மூன்று மாதத்தில், பாசி காய வைப்பது பற்றி ஒரு அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒன்பது பதிவுத் தொடரில் முதல் பதிவு மட்டும் மிஞ்சியது, அது பின் செய்திருந்ததால். "மீதி கீழே" என்று முடிகிறது, கீழே ஒன்றும் இல்லை. அழிந்ததை எடுக்கக் குப்பைத்தொட்டியும் கிடையாது. ஏழு நாளுக்கு ஒரு முறை மொத்தப் பதிவையும் காப்பகமாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. கெடு வைக்கும் முன்பே அதைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

சரி, அழிந்ததாவது முழுசாக அழிந்ததா என்றால் அதுவும் சந்தேகம். மாஸ்டடான் ஒரே இடத்தில் இல்லை, பல சர்வர்கள் சேர்ந்தது. என் பதிவின் நகல் பின்தொடர்பவர்களின் சர்வர்களிலும் இருக்கும். நான் அழித்தால் என் சர்வர் அவற்றுக்கெல்லாம் "இதை நீக்கு" என்று தகவல் அனுப்பும். அந்தப் பக்கம் சர்வர் படுத்திருந்தால் சில தடவை முயன்றுவிட்டு விட்டுவிடும். வாங்கியும் நீக்காத சர்வரை ஒன்றும் செய்ய முடியாது. கெடு முடிந்த நிமிடமே அழியும் என்றும் நினைக்காதீர்கள். சர்வருக்கு வேலை குறைவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் மெல்ல மெல்ல அழிக்கும்.

இப்போது அந்தப் பூஸ்ட் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கெடு ஒரு வருடம். தப்பாகப் போட்டால் கீழே திருத்தம் எழுதுவதில்லை, அந்தப் பதிவையே திருத்துகிறேன். அப்படிச் செய்தால் பூஸ்ட் செய்தவர்களுக்கும் "திருத்தப்பட்டது" என்று தகவல் போகிறது, திருத்தம் தனியாகச் செத்தும் போகாது. ஏழாம் எண் பதிவையும் மாமா போன் செய்த அன்று காலையே திருத்தினேன்.

மாமா அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் வைத்திருக்கிறார். எந்தக் கூண்டுச் செய்தி வந்தாலும் முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார், "இது எந்த வருசத்துது?" என்று கேட்டு.