வட்டி 15 சதவீதம், ஆனால் 2 சதவீதத்தைப் பாருங்கள்: கார்டு இஎம்ஐ கணக்கு

கார்டில் பெரிய தொகைக்கு ஏதாவது வாங்கினால் போதும், தவணையாக மாற்றிக்கொள்ளச் சொல்லி மெசேஜ் வந்துவிடும். வட்டி 15 சதவீதம் என்று பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் பிராசஸிங் ஃபீ 2 சதவீதம். எல்லாரும் அந்த 15-ஐ வைத்தே யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த 2-ஐத்தான்.

ஒரு கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். வாங்கியது 60,000. ஆண்டு வட்டி 15 சதவீதம், அதாவது மாதம் 1.25. தவணை 12 மாதம். மாதாமாதம் சுமார் 5,415 கட்ட வேண்டி வரும். 12 மாதமும் கட்டி முடிக்கும்போது போயிருப்பது ஏறக்குறைய 64,986, இதில் வட்டி 4,986. அதற்கு மேல் பிராசஸிங் ஃபீ 1,200. வட்டிக்கும் ஃபீக்கும் வரி போடும் ஊராக இருந்தால் அது தனி.

இந்த 1,200 ஏன் சின்னத் தொகை இல்லை? வட்டி என்பது மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் ஓடுகிறது. மாதாமாதம் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஃபீ அப்படியில்லை. முழு 60,000-க்கும் கணக்குப் போட்டு, முதல் பில்லிலேயே மொத்தமாக வாங்கிவிடுவார்கள். அப்படியென்றால் உங்கள் கைக்கு உண்மையில் கடனாக வந்தது 58,800தான். 58,800 வாங்கிக்கொண்டு 12 மாதம் 5,415 கட்டினால் ஆண்டு வட்டி என்ன ஆகிறது என்று பார்த்தால் 18.9 சதவீதம். இதை யாரையும் கேட்க வேண்டியதில்லை, கூகுள் ஷீட்டிலோ எக்செல்லிலோ ஒரு கட்டத்தில் இதை அடித்தால் வந்துவிடும்:

```
=RATE(12,-5415.5,58800)*12
```

முதல் எண் எத்தனை மாதம், இரண்டாவது மாதத் தவணை (முன்னால் கழித்தல் குறி கட்டாயம்), மூன்றாவது ஃபீ போக மிச்சத் தொகை. விடை 0.189 என்று வந்தால் 18.9 சதவீதம் என்று அர்த்தம். பிராசஸிங் ஃபீ 2 சதவீதமாக இல்லாமல் எல்லாருக்கும் ஒரே தொகையாக இருந்தாலும் இதே வழிதான், 60,000-லிருந்து அதைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது இதே 60,000-ஐ 3 மாதத் தவணையாகப் போடுங்கள். "சீக்கிரம் முடித்துவிடலாம், வட்டி கம்மி" என்று நினைத்துத்தான் பலர் இதை எடுக்கிறார்கள். வட்டி என்ற வரியை மட்டும் பார்த்தால் சரிதான்: தவணை சுமார் 20,502, மொத்த வட்டி 1,506. ஆனால் ஃபீ அதே 1,200. ஆண்டு வட்டியாக மாற்றினால் 27 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒருமுறை வாங்கும் ஃபீயை 12 மாதத்துக்குப் பரப்புவதற்கும் 3 மாதத்துக்குள் அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. கையை விட்டுப் போகும் மொத்தப் பணம் 3 மாதத்தில்தான் குறைவு, அதை மறுக்கவில்லை: 2,706-க்கு எதிரே 6,186. ஆனால் மூன்றே மாதத்துக்குப் பணம் தேவை, வேறு இடத்தில் 20 சதவீதத்துக்குக் கிடைக்கும் என்றால், 15 சதவீதம் என்ற விளம்பரத்தை நம்பிக் கார்டிலேயே மாற்றுவது நஷ்டம். குறுகிய தவணைக்கு ஃபீ இல்லாத திட்டமாக இருந்தால் மட்டும்தான் அது மலிவு.

இன்னொரு நம்பிக்கை: "12 மாதம் போட்டு வைப்போம், நடுவில் பணம் வந்தால் முடித்துவிடலாம்." 6 தவணை கட்டியபின் மேலே சொன்ன கணக்கில் மீதி அசல் சுமார் 31,117. பாதிக் காலம் போய்விட்டது, அசல் பாதிகூடக் குறையவில்லை. வட்டியோ 4,986-ல் 3,611 ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, ஏனென்றால் அசல் பெரிதாக இருக்கும் முதல் மாதங்களில்தான் வட்டி அதிகம். முதல் தவணையில் 750, கடைசித் தவணையில் 70-கூட வராது. ஆறாம் மாதத்தில் முடித்தால் மிச்சமாகக்கூடியது 1,375 மட்டும். முன்கூட்டி முடிப்பதற்கு மீதி அசலில் 3 சதவீதம் கட்டணம் என்று இருந்தால் 934 அங்கே போய்விடும். கையில் நிற்பது 441. முன்பு கட்டிய பிராசஸிங் ஃபீ திரும்ப வராது. எனவே முடிக்கும் எண்ணம் இருந்தால் இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே முடிக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் முடிப்பதற்கு அநேகமாக அர்த்தமே இல்லை.

வட்டி விகிதம் கேட்கும்போது அது ஃப்ளாட்டா, அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் போடுவதா, இல்லை குறையும் அசலுக்கா என்று கேட்காமல் விடாதீர்கள். 15 சதவீதம் ஃப்ளாட் என்றால் 60,000-க்கு நேராக 9,000 வட்டி, தவணை 5,750. ஃபீ சேர்க்காமலே உண்மையான விகிதம் 26 சதவீதத்துக்கு மேல். சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி அசலைக் கழியுங்கள். வருவது அசலில் ஆண்டுக்கு அப்படியே 15 சதவீதமாக இருந்தால் ஃப்ளாட்.

"வட்டியில்லா தவணை" என்ற பலகை வைத்திருக்கும் இடங்களிலும் வங்கி வட்டி வாங்காமல் இருப்பதில்லை. அந்த வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டித் தள்ளுபடி காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பிராசஸிங் ஃபீ அங்கேயும் இருக்கலாம். மொத்தமாகக் கட்டினால் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த விலை குறைவாக இருந்தால், வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி.

மாற்றியபிறகு சிக்கல் வருவது பெரும்பாலும் பில் வந்த சமயத்தில். ஸ்டேட்மென்ட் உருவாகும் முன்பே மாற்றிவிட்டால் பில்லில் தவணை மட்டும் வரும். பில் வந்தபிறகு மாற்றினால் அந்தப் பில்லில் முழு 60,000 அப்படியே நிற்கும். மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதா, கடைசித் தேதிக்குள் இந்தப் பில்லில் எவ்வளவு கட்டினால் போதும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் குறைத்துக் கட்டாதீர்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே தேதி தாண்டிவிட்டால், கட்டாமல் விட்டது சாதாரண பாக்கியாகி, கார்டின் வழக்கமான வட்டி ஏறும். மாதம் 3 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 36. அதோடு புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

லிமிட்டும் உடனே திரும்பாது. 60,000 அடைபட்டிருக்கும், கட்டும் அசல் அளவுக்குத்தான் மாதாமாதம் விடுபடும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கடை பணத்தைக் கார்டுக்கு அனுப்பிவிடும், ஆனால் தவணை தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். 60,000 வரவு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, இன்னொரு பக்கம் 5,415 வட்டியோடு போய்க்கொண்டே இருக்கலாம். பணம் வரவானதும் அந்தத் தேதியையும் தொகையையும் காட்டி, இஎம்ஐயை ரத்து செய்யச் சொல்லித் தனியாக விண்ணப்பியுங்கள்; முன்கூட்டி முடித்ததாகப் பதியாமல், பொருள் திரும்பியதால் ரத்தானது என்று பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்கூட்டி முடிப்பதற்கான அந்த 3 சதவீதக் கட்டணத்தையும் போட்டுவிடுவார்கள்.