நோட்ஸ் வரட்டும் என்று காத்திருந்தோம், 60 நாள் போய்விட்டது

வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். கனடா விசா நிராகரிக்கப்பட்டவர்கள் யாரிடம் போய் நின்றாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "ஆபிசர் நோட்ஸ் கேட்டு வாங்குங்க, அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." அந்த நோட்ஸுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதே நீதிமன்றத்துக்குப் போகும் கெடு முடிந்துபோகும் என்பதை மட்டும் ஒருத்தர்கூடச் சொல்வதில்லை.

என் பிரசவத்துக்காக அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து வரவழைக்க விசிட்டர் விசா போட்டோம். 2025 மார்ச் 3ஆம் தேதி நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் இருந்தது என்ன? தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் கனடாவை விட்டுக் கிளம்புவீர்கள் என்று எனக்குத் திருப்தி இல்லை, குடும்பப் பிணைப்புகளையும் பொருளாதார நிலையையும் பார்த்து இந்த முடிவு. அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு அனுப்பும் அதே வாசகம். அம்மா எந்தத் தாளில் தவறினார், எதை அந்த அதிகாரி நம்பவில்லை, ஒரு வார்த்தை கிடையாது.

நிஜக் காரணம் ஜிசிஎம்எஸ் என்ற அவர்களுடைய கணினியில், அதிகாரி எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் நோட்ஸ் என்கிறார்கள். கனடாவில் இருக்கும் யாரும் 5 டாலர் கட்டி, விண்ணப்பித்தவரின் சம்மதக் கையெழுத்தோடு, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கலாம். 2022 ஜூலையிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்களே தனியுரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் சொந்தக் கோப்பைக் கட்டணமில்லாமல் கேட்க முடியும். அம்மாவே கேட்டிருக்கலாம். இது தெரியாமல் கன்சல்டன்ட் ஒருவருக்குக் காசு கொடுத்தோம், அவர் கையெழுத்து வாங்கி அனுப்பியது மார்ச் 12.

சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். அதாவது ஏப்ரல் 11. அன்றைக்கு வந்தது கால நீட்டிப்பு அறிவிப்பு. நான் கன்சல்டன்டுக்குப் போன் போட்டேன். "அவசரப்படாதீங்க மேடம், நோட்ஸ் இல்லாம எதை வச்சுப் பேசறது?" என்றார். சரி, அதுவும் நியாயம்தானே என்று நம்பிவிட்டேன். நோட்ஸ் வந்தது மே 19. கெடு முடிந்தது மே 2.

இந்தக் கெடு எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். குடிவரவு மற்றும் அகதிப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 72. விசா முடிவை ஃபெடரல் நீதிமன்றம் மறுஆய்வு செய்ய வேண்டுமென்றால் முதலில் அனுமதி மனு போட வேண்டும். முடிவு கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்டது என்றால் 60 நாள், உள்ளே எடுக்கப்பட்டது என்றால் வெறும் 15 நாள். அந்த நாளுக்குள் மனுவைத் தாக்கல் செய்வதோடு அமைச்சர் தரப்புக்கு நோட்டீஸும் போய்ச் சேர வேண்டும். எண்ணிக்கை தொடங்குவது முடிவு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து, நோட்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. நோட்ஸ் கேட்டுப் போட்ட மனுவாலும் அது நிற்காது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று எழுதிய மெயிலாலும் நிற்காது. இங்கேயே இருந்து வேலை பெர்மிட் நீட்டிப்பு மறுக்கப்பட்ட ஒரு பிள்ளை 30 நாள் ஆகும் நோட்ஸுக்குக் காத்திருந்தால், அவனுடைய 15 நாள் எப்போதோ போயிருக்கும்!

எனக்கு ஆறவே ஆறாதது இனிமேல் சொல்லப்போவதுதான். நோட்ஸ் இல்லாமலே அந்த மனுவைப் போடலாம். 50 டாலர் நீதிமன்றக் கட்டணம். முடிவுக்கான எழுத்துக் காரணங்கள் கைக்கு வரவில்லை என்று மனுவில் குறிப்பிட்டால், நீதிமன்றப் பதிவகமே விசா அலுவலகத்திடம் காரணங்களை அனுப்பச் சொல்லும், ஃபெடரல் நீதிமன்றத்தின் குடிவரவு விதிகளில் விதி 9 அதற்காகவே இருக்கிறது. வருவது அதே நோட்ஸ்தான். அதிகாரியின் குறிப்பையே முடிவின் காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேக்கர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1999லேயே சொல்லிவிட்டது. விரிவான வாதங்களோடு ஆவணக் கட்டைத் தாக்கல் செய்யும் காலமும் அந்தக் காரணங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். நாங்கள் எதற்காகக் காத்திருந்தோமோ அது மனு போட்டிருந்தால் தானாக வந்திருக்கும்.

கன்சல்டன்ட் ஏன் சொல்லவில்லை? குடிவரவு ஆலோசகர்கள் ஃபெடரல் நீதிமன்றத்தில் யாருக்காகவும் ஆஜராக முடியாது, அது வக்கீல்கள் வேலை. அவரால் செய்ய முடியாத வேலை என்பது சரி, "60 நாளுக்குள்ள ஒரு வக்கீலைப் பாருங்க" என்று ஒரு வரி சொல்ல வாய் வலிக்குமா?

நோட்ஸைத் திறந்து பார்த்தபோது கை நடுங்கியது. மொத்தமே ஏழெட்டு வரி. விண்ணப்பதாரருக்கு 63 வயது, கணவரை இழந்தவர், மகள் கனடாவில், சொந்த நாட்டில் வலுவான குடும்பப் பிணைப்பு காட்டப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. என் தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். குடும்ப விவரப் படிவத்தில் நால்வரின் பெயரும் இருக்கிறது, ரேஷன் கார்டு நகலும் மொழிபெயர்ப்போடு வைத்தோம். அடுத்த வரியில், வங்கிக் கணக்கில் விளக்கமில்லாத பெரிய தொகை என்று. அது முதிர்ந்த வைப்புத்தொகை, நாலு லட்சம், வங்கி கொடுத்த கடிதம் ஸ்டேட்மென்டுக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தோம். அதிகாரி பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை, சுருக்கமாக எழுதினாலே தப்பு ஆகாது, ஆனால் தன் முடிவுக்கு நேர் எதிராக இருக்கும் முக்கியமான தாளைத் தொடாமலே தாண்டிப் போனால் அங்கேதான் பிடி கிடைக்கும் என்றார். அதே உச்ச நீதிமன்றத்தின் 2019 வாவிலோவ் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் பார்ப்பது அதைத்தான், கோப்பில் இருந்த ஆதாரத்தோடு அந்த முடிவு நியாயமாகப் பொருந்துகிறதா என்று. புதுத் தாள் எதையும் பொதுவாகச் சேர்க்க முடியாது. ஜெயித்தாலும் நீதிபதி விசா கொடுக்க மாட்டார், வேறொரு அதிகாரி புதிதாகப் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்புவார். அனுமதி மறுத்துவிட்டால் அதற்கு மேல்முறையீடும் கிடையாது. செலவு சில ஆயிரம் டாலர் ஆகும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு நாங்களே வேண்டாம் என்று விட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். எங்களுக்கு அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது.

கெடு தாண்டிய பிறகும் நீட்டிப்பு கேட்கலாம், அதே மனுவிலேயே. கடைசிவரை போராடும் எண்ணம் இருந்தது, வழக்கில் பலம் இருக்கிறது, எதிர்த்தரப்புக்குப் பாதிப்பில்லை, தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டு, இந்த நான்கையும் காட்ட வேண்டும். "நோட்ஸ் வரட்டும்னு ஆலோசகர் சொன்னார்" என்பதை நம்பி இறங்க முடியாது என்று வக்கீல் நேராகவே சொல்லிவிட்டார்.

2025 ஜூலை கடைசியிலிருந்து விசிட்டர் விசா, படிப்பு, வேலை பெர்மிட் போன்ற சிலவற்றுக்கு நிராகரிப்புக் கடிதத்தோடே அதிகாரியின் குறிப்பையும் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். நாலைந்து மாதம் முன்னால் இது நடந்திருந்தால் எங்களுக்கு மார்ச் 3ஆம் தேதியே எல்லாம் தெரிந்திருக்கும். எல்லா வகை விண்ணப்பத்துக்கும் வருவதில்லை, அதனால் கடிதம் வந்தால் முதலில் கூட வேறு இணைப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நோட்ஸுக்கு அன்றே எழுதிப் போடுங்கள், அதே வாரத்தில் நீதிமன்றத்துக்குப் போகும் ஒரு வக்கீலிடம் தேதியைச் சொல்லுங்கள். மனைவியையோ கணவரையோ வெளிநாட்டிலிருந்து ஸ்பான்சர் செய்து மறுக்கப்பட்டதென்றால் வழி வேறு, அங்கே முதலில் போக வேண்டியது குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவு, அதற்கு 30 நாள்.

நாங்கள் புதிதாகவே விண்ணப்பித்திருக்கிறோம். முதல் பக்கத்திலேயே ஒரு கடிதம், பழைய நோட்ஸின் ஒவ்வொரு வரிக்கும் பதில், எந்தத் தாள் எந்தப் பக்கத்தில் என்று எண் போட்டு. அந்த ரேஷன் கார்டு இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.