நாற்பத்தொரு நிமிட வரவேற்பு

(வரவேற்புக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. மணமகளின் தம்பி மாறன் மடிக்கணினியின் முன் அமர்ந்து, மண்டப வாசலில் ஓடவேண்டிய படத்தொகுப்பைச் செய்துகொண்டிருக்கிறான். சித்தப்பா முருகேசன் ஒரு பென்டிரைவை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி உள்ளே வருகிறார்.)

சித்தப்பா: மாறா, உன் அக்காவின் வாழ்க்கை முழுவதும் இதற்குள் இருக்கிறது. மொத்தம் 412 படங்கள். ஒன்றைக்கூட விடாமல் போட்டுவிடு.

மாறன்: சித்தப்பா, ஒரு படத்தைப் பார்த்து, அதன் கீழே எழுதியிருப்பதைப் படித்து முடிக்க ஒருவருக்கு ஆறு விநாடியாவது வேண்டும். 412 படங்களை ஆறால் பெருக்கினால் 41 நிமிடம் 12 விநாடி வருகிறது.

சித்தப்பா: வருகிறவர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டுத்தானே வருகிறார்கள்? உட்கார்ந்து பார்க்கட்டும்.

மாறன்: வாசலில் யார் உட்காரப்போகிறார்கள்? ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடம் நின்று பார்ப்பார்கள். அதுவும் அவரவர் வந்த நேரத்தில் ஓடும் பகுதியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சொல்கிறபடி செய்தால், முதலில் வருகிறவர் அக்கா தவழ்வதை மட்டும் பார்த்துவிட்டு, யாருக்குத் திருமணம் என்றே தெரியாமல் உள்ளே போய்விடுவார். மாப்பிள்ளை திரைக்கு வருவதற்குள் பாதி விருந்தினர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சித்தப்பா: அப்படியென்றால் எத்தனை படம்தான் போடுவாய்?

மாறன்: நாற்பத்தெட்டு. அது 288 விநாடி. இருவர் பெயரும் உள்ள முகப்புப் படத்துக்குப் பன்னிரண்டு விநாடி சேர்த்தால் சரியாக ஐந்து நிமிடம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். யார் எப்போது வந்தாலும், அதிகம் போனால் ஐந்து நிமிடத்துக்குள் மணமக்களின் பெயர் கண்ணில் பட்டுவிடும்.

சித்தப்பா: நாற்பத்தெட்டும் நம் வீட்டுப் படங்கள்தானே?

மாறன்: இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமே 23 படங்கள் அனுப்பியிருக்கிறார்கள். அதில் தெளிவாக இருப்பவை பதினெட்டு. ஆகவே அவர்களுக்குப் பதினெட்டு, நமக்கும் பதினெட்டு, இருவரும் சேர்ந்திருப்பவை பன்னிரண்டு. குறைவாகப் படம் உள்ள வீட்டின் கணக்குத்தான் இரு வீட்டுக்கும் கணக்கு. இல்லாவிட்டால், அக்கா ஒரு நீண்ட வரலாறு போலவும், மாப்பிள்ளை அதில் வந்துபோகும் ஒரு விருந்தாளி போலவும் தோன்றும்.

சித்தப்பா: (பெருமூச்சுடன்) சரி, அந்தப் பதினெட்டு படங்களாவது வரிசையாக இருக்கட்டும். நான் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கித்தான் சேமித்தேன். ஒவ்வொன்றின் பெயரிலும் தேதி இருக்கிறது.

மாறன்: அதுதான் வினையே. `IMG-20240612-WA0007.jpg` என்ற பெயரில் இருப்பது, படம் எடுத்த தேதி அல்ல. அது உங்கள் கைபேசிக்கு வந்துசேர்ந்த தேதி. படத்துக்குள் பதிந்திருந்த உண்மையான தேதியையும் அனுப்பும்போதே உரித்துவிடுகிறார்கள். நேற்று இவற்றைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன். அக்கா பட்டம் வாங்கினாள், பிறகு மொட்டை அடித்துக்கொண்டாள், அதன் பிறகு பிறந்தாள். மூன்றும் ஜூன் 12-ஆம் தேதி ஒரே நாளில் நடந்ததாகக் கணினி சத்தியம் செய்கிறது.

சித்தப்பா: அவள் சிறுவயதிலிருந்தே சுறுசுறுப்பு.

மாறன்: அதனால் தேர்ந்தெடுத்த படங்களுக்கு நானே பெயர் மாற்றுகிறேன். முதலில் வருடம், அடுத்து மாதம், கடைசியில் ஓர் எழுத்து. மாதம் தெரியாவிட்டால் இரண்டு பூஜ்யம். இதோ, `1998-03-A.jpg`, `1999-00-A.jpg`. இரு வீட்டுப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டுப் பெயர்வாரியாக அடுக்கினால், 1996-இல் மாப்பிள்ளை பிறப்பார், 1998-இல் அக்கா பிறப்பாள், அதன்பின் இருவரும் மாறி மாறி வளர்ந்துகொண்டே வந்து, 2021-இல் ஒரே படத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். யாரை முதலில் காட்டுவது என்று இரு வீட்டாரும் சண்டை போடவும் வழியில்லை. வருடமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சித்தப்பா: நல்ல ஏற்பாடு. படத்தின் கீழே எழுதவேண்டிய வரிகளை நான் தயாராக வைத்திருக்கிறேன். (தாளை விரித்து) “எங்கள் அன்புத் தாத்தாவின் மடியில், அத்தையும் மாமாவும் அருகில் புன்னகைத்து நிற்க, அதே நாளில் எடுத்த இன்னொரு இனிய நினைவு.”

மாறன்: சித்தப்பா, இதைப் படிக்கிற மாப்பிள்ளை வீட்டார், யாருடைய தாத்தா, யாருக்கு அத்தை என்று கேட்பார்களே! நமக்கு மாமா என்றால் அவர்களுக்கும் மாமாவா? இரு வீட்டாரும் பார்க்கிற இடத்தில், உறவுமுறையை மணமக்கள் பக்கமிருந்துதான் சொல்லவேண்டும். “மணமகள், தாய்வழித் தாத்தாவுடன், 2001” என்றால் இரு வீட்டுக்கும் புரியும். அது மட்டுமல்ல, “அதே நாளில்” என்று எழுதினால், முந்தைய படம் ஓடியபோது சந்தனம் பூசிக்கொண்டிருந்தவருக்கு எந்த நாள் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியும் தன் காலிலேயே நிற்கவேண்டும்.

சித்தப்பா: நான் பதினைந்து சொற்களில் எழுதியதை நீ நான்கு சொற்களில் அடக்கிவிட்டாய். புன்னகை எங்கே போயிற்று?

மாறன்: படத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டியதில்லை. தெரியாத மூன்றை மட்டும் எழுதினால் போதும்: யார், என்ன உறவு, எந்த வருடம்.

சித்தப்பா: சரி, அதையாவது அடியில் பெரிதாக எழுது.

மாறன்: அடியில் எழுதினால், திரைக்கு முன்னால் நிற்பவர்களின் தலைகள்தான் படிக்கும். எழுத்தை மேல்பகுதியில் வைத்திருக்கிறேன். அளவு போதுமா என்று பார்க்க, இந்தத் திரையின் அகலத்தைப் போல் எட்டு மடங்கு தூரம் தள்ளி நின்று படியுங்கள். மூன்று மீட்டர் அகலத் திரையை 24 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கும் இதே அளவில்தான் தெரியும்.

(சித்தப்பா பின்னோக்கி நடந்து, கதவில் இடித்துக்கொண்டு நிற்கிறார்.)

சித்தப்பா: நன்றாகத் தெரிகிறது. ஆனால் இது மண்டபத்துக் கணினியிலும் இப்படியே தெரியுமா? என் நண்பர் வீட்டு விசேஷத்தில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. குடும்பமே குறுக்கெழுத்துப் போட்டியில் கலந்துகொண்டது போல இருந்தது.

மாறன்: அந்தக் கணினியில் அவர் பயன்படுத்திய எழுத்துரு இருந்திருக்காது. அதற்காகத்தான் முடித்ததும் முழுவதையும் `.mp4` காணொளியாக மாற்றிவிடப்போகிறேன். அதன்பிறகு எழுத்தும் படத்தின் ஒரு பகுதிதான்; எந்த எழுத்துருவையும் எவரிடமும் கேட்காது. எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்திவிட்டு மறுபடி காணொளியாக மாற்றவேண்டும். ஆகவே பெயர்களை இரு வீட்டாரிடமும் முன்னதாகவே காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

சித்தப்பா: (தயங்கி) எல்லாம் சரி மாறா. இந்தப் பதினெட்டில் நான் எத்தனை படத்தில் இருக்கிறேன்?

மாறன்: ஒன்றில். அக்கா முதன்முதலில் நடக்கிற படம். அவள் பிடித்திருக்கிறாளே ஒரு கை, அது உங்களுடையது.

சித்தப்பா: கை மட்டுமா? முழங்கைவரை கூட இல்லையே!

மாறன்: அது உயரவாக்கில் எடுத்த படம், சித்தப்பா. அகலத் திரைக்காக வெட்டியபோது இருவரில் ஒருவரின் முகத்தைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனாலும் “மணமகளின் முதல் அடி, 1999. கை: சித்தப்பா” என்று எழுதியிருக்கிறேன்.

(சித்தப்பா ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறார். சிறிது நேரத்தில் மாறனின் கைபேசி ஒலிக்கிறது.)

மாறன்: இது என்ன, `1999-00-B.jpg`? அதே படம்! வெட்டாத முழுப்படம்!

சித்தப்பா: நீ சொன்ன விதிப்படிதானே பெயர் வைத்திருக்கிறேன்? தானாகவே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாறன்: அப்படியானால் நம் பக்கம் பத்தொன்பது ஆகிவிடுமே! எதை எடுப்பது?

சித்தப்பா: 2004-இல் நீ அழுதுகொண்டு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிடு.