வேப்பிலை இருக்கட்டும், முத்தையும் பாருங்கள்

பங்குனி வெயில் ஏறிவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்துத் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வேப்பிலையோடு எனக்குச் சண்டை இல்லை. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முப்பிடாதி அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவளும்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை பிள்ளையை டாக்டரிடம் காட்டக் கூடாது என்கிற பிடிவாதம்தான் எனக்கு ஆகாது.

சின்னம்மை வைரஸ் பெரும்பாலான பிள்ளைகளிடம் தானாகவே அடங்கிவிடும். ஆனால் சொறிந்து உடைத்த ஒவ்வொரு முத்தும் ஒரு திறந்த புண். தோலிலும் நகத்தடியிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களுக்கு அந்த வாசல் போதும். அம்மை கண்ட வீட்டில் நகம் வெட்டக் கூடாது என்பார்கள். நானோ முதல் நாளே வெட்டிவிடச் சொல்வேன்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு அம்மை போட்டது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, விளையாடத் தொடங்கிவிட்டான். ஆறாம் நாள் மறுபடியும் 102 டிகிரி. "அம்மை இன்னும் இறங்கவில்லை, தங்கச்சி" என்றார் அவனுடைய ஆச்சி. உடம்பெல்லாம் அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் காய்ந்து அப்பிக் கிடந்தன. ஈரத்துணியால் தொடையில் மெல்லத் துடைத்தேன். மற்ற முத்துகள் பொருக்குத் தட்டியிருந்தன. ஒன்றைச் சுற்றி மட்டும் என் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது. அதுவரை அரிக்கிறது என்று அழுதவன், இப்போது வலிக்கிறது என்று கையைத் தட்டிவிட்டான். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டேன். ஆட்டோ வருவதற்குள்ளேயே சிவப்பு கோட்டைத் தாண்டத் தொடங்கியிருந்தது.

முத்துக்குள் இருக்கும் தெளிந்த நீர் ஓரிரு நாளில் கலங்குவது அம்மையின் இயல்பு. முத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் இருப்பதும் அப்படித்தான். அதைப் பார்த்துச் சீழ் பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம். விட்ட காய்ச்சல் திரும்புவது, நான்கு நாளைக் கடந்தும் காய்ச்சல் விடாதது, சிவப்பு பரவுவது, அரிப்பு வலியாக மாறுவது, தேன் நிறத்தில் பிசுபிசுத்த பொருக்கு கட்டுவது: இவைதான் கவனிக்க வேண்டியவை. கொசுக்கடிக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. கடித்த அன்றே வீங்கி அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. ஓரிரு நாள் கழித்து வலியோடு பெரிதானால் கிருமி.

அந்த வீட்டு அலமாரியில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ஸ்டீராய்டு கலந்த மூன்று மருந்துக் கூட்டுக் களிம்பு. அது சிவப்பைக் குறைத்துக் காட்டிவிட்டு, உள்ளே கிருமியை வளரவிடும். இன்னொன்று, ஐபுபுரூஃபன் சிரப். அம்மை நேரத்தில் அதைக் கொடுத்த பிள்ளைகளிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆழமாகப் பரவும் ஆபத்து கூடுதலாகத் தெரிந்திருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், அதுவும் எடை பார்த்து. அவன் எடை 15 கிலோ; கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 225. ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் நாலரை மில்லி, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் இல்லாமல்.

இரண்டு மூன்று முத்துகளில் மட்டும் தேன் நிறப் பொருக்கு இருந்து, காய்ச்சலும் இல்லை என்றால், சோப்புத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டு, டாக்டர் எழுதித் தரும் மியூபிரோசின் களிம்பை ஐந்து நாள் தடவினால் பெரும்பாலும் ஆறிவிடும். புண் பல இடத்தில் பரவினால் செஃபலெக்சின் போன்ற வாய்வழி மருந்து வேண்டும். சீழ்க்கட்டி திரண்டுவிட்டால் கீறி எடுக்காமல் எந்தச் சிரப்பும் பயன் தராது. அம்மைக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் வைரஸோடு மட்டும்தான் மோதும். சீழை அது தொடாது. எங்கள் பையனுக்குக் காய்ச்சலும் பரவும் சிவப்பும் சேர்ந்திருந்ததால் வார்டில் சேர்த்து ஊசி மருந்து போட்டார்கள். இரண்டாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் அடங்கியது. பிறகு சிரப்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் விட்டதும் பாட்டிலை மூடி வைக்கப் பார்த்தார் ஆச்சி. ஏழு நாளும் முடிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பார்வைக்குப் புண் சிறிதாக இருந்தும் பிள்ளை வலியில் துடித்தால், காலை ஊன்ற மறுத்தால், தோல் நீலமாகவோ கருப்பாகவோ மாறினால், துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது. தசை வரை கிருமி இறங்கியிருக்கலாம். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

புண் ஆறிய பிறகும் ஒரு கண் வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோன பிள்ளைகளில் சிலருக்கு மூன்று முதல் ஆறு வாரம் கழித்துச் சிறுநீரகம் அழற்சி கொள்ளும். காலையில் எழுந்ததும் முகம் உப்பியிருந்தாலோ, சிறுநீர் கருப்பட்டிக் காபி நிறத்தில் போனாலோ, அன்றைக்கே சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மைப் புண் வந்து போனதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.