ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு நாலு அடி தள்ளி நிற்கும்போது

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திருப்பி அனுப்பினார். சொன்ன காரணம் ஒரே வரிதான்: "இன்செர்ஷன் சார்ட் n², இதெல்லாம் புரொடக்‌ஷனுக்கு ஆகாது." எழுதியவரும் மறுபேச்சு பேசாமல் அழித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த இடத்துக்கு அதுதான் சரியான தேர்வு, அவர் யோசித்துத்தான் போட்டிருந்தார். ஏன் சரி என்பதை நிதானமாக எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். பல சர்வர்களிலிருந்து நிகழ்வுகள் ஒரே லாகில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் நேர முத்திரை உண்டு. நெட்வொர்க்கில் ஒன்று கொஞ்சம் முந்தும், இன்னொன்று பிந்தும், அதனால் வரிசை லேசாகக் கலைந்திருக்கும். ஆனால் எதுவும் தன் சரியான இடத்திலிருந்து ஐந்தாறு இடத்துக்கு மேல் விலகியிருக்காது. இந்த அதிகபட்ச விலகலை k என்று வைத்துக்கொள்வோம்.

சின்ன உதாரணம் ஒன்றைக் கையால் செய்து பாருங்கள்:

```
2 1 4 5 3 7 8 6
```

எட்டு எண்கள். எதுவும் தன் இடத்திலிருந்து இரண்டுக்கு மேல் தள்ளி நிற்கவில்லை, அதாவது k = 2. இப்போது இடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முன்னால் இருப்பதில் பெரியதை வலப்பக்கம் நகர்த்தி, கிடைத்த இடத்தில் செருகுங்கள். இன்செர்ஷன் சார்ட் என்கிற செருகல் முறை இதுதான்:

```python
for i in range(1, len(a)):
    x, j = a[i], i
    while j > 0 and a[j-1] > x:
        a[j] = a[j-1]
        j -= 1
    a[j] = x
```

1 வரும்போது 2 நகரும். 4, 5 இரண்டும் பக்கத்தில் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். 3 வரும்போது 5-ம் 4-ம் நகரும், அடுத்து 2 எதிர்ப்படும், அங்கே நின்றாயிற்று. 7, 8 அசையாது. கடைசியில் 6 வந்து 8, 7 இரண்டையும் நகர்த்தும். எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஐந்து நகர்த்தல், பதினொரு ஒப்பீடு. அவ்வளவுதான் வேலை.

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? பட்டியலில் முறை தவறி நிற்கும் ஜோடிகளை எண்ணுங்கள். (2,1), (4,3), (5,3), (7,6), (8,6). இவையும் ஐந்துதான். இது தற்செயல் கிடையாது. இன்செர்ஷன் சார்ட்டின் ஒவ்வொரு நகர்த்தலும் சரியாக ஒரு தப்பு ஜோடியைச் சரிசெய்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. எவ்வளவு கலைந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் வேலை. n எண்களுக்கு n² அளவு வேலை என்பது எல்லா ஜோடியும் தப்பாக இருக்கும்போது வருகிற கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால் எப்படி?

சரி, ஒரு எண் எவ்வளவு தூரம் பின்னால் போகக்கூடும்? இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. p எண்களைப் பார்த்து முடித்துவிட்டோம் என்று வையுங்கள். இறுதி வரிசையில் முதல் p-k இடங்களுக்கு உரியவை எல்லாம் இதற்குள் வந்தே ஆகவேண்டும், ஏனென்றால் எதுவும் k இடத்துக்கு மேல் தாமதமாக வராது. ஆகவே இதுவரை வந்தவற்றை அடுக்கினால், முதல் p-k இடங்கள் நிரந்தரமாக நிரம்பிவிட்டன. இனி வருவது எதுவும் அங்கே நுழையாது. நடுவில் k இடங்கள் மட்டும்தான் இன்னும் ஈரமாக இருக்கின்றன, அதற்கு முன்னால் எல்லாம் காய்ந்துவிட்டது. புதிதாக வருவது அந்த ஈரப் பகுதியைத் தாண்டிப் பின்னால் போகாது. எனவே ஒரு எண்ணுக்கு அதிகபட்சம் k நகர்த்தல், மொத்தத்துக்கு nk-ஐத் தாண்டாது.

10 லட்சம் நிகழ்வு, k = 5 என்றால் நகர்த்தல் 50 லட்சத்தைத் தாண்டாது. அதே 10 லட்சத்தைக் கன்னாபின்னாவென்று கலைத்துக் கொடுத்தால் சராசரியாக n²/4, அதாவது 25,000 கோடி. ஒரே நிரல்தான், ஒரு வரி மாறவில்லை. மாறியது உள்ளே வரும் பட்டியல். அந்த 50 லட்சமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அண்டை இடங்களில்தான் நடக்கிறது, அதனால் புராசசரின் கேஷுக்கும் அது இதமான வேலை.

சாதாரண மெர்ஜ் சார்ட் முழுக்கக் கலைந்த பட்டியலுக்கு இரண்டு கோடியை ஒட்டி ஒப்பீடு கேட்கும், நம் பட்டியலுக்கும் ஒரு கோடியை ஒட்டிக் கேட்கும். பட்டியல் கலைந்திருந்தாலும் கலையாவிட்டாலும் அதன் போக்கு பெரிதாக மாறாது. அடுக்கும் முறையைக் கேள்வி கேட்கும் ஒருவராக நினைத்துப் பாருங்கள். 10 லட்சத்தில் இந்த எண் எந்த இடத்தில் வரும் என்று ஒன்றுமே தெரியாமல் கேட்டால், ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 20 ஆம்-இல்லை கேள்விகள் தேவை. ஆனால் விலகல் ஐந்துக்குள் என்று தெரிந்துவிட்டால், ஒரு இடத்துக்கு அதிகபட்சம் 11 பேர்தான் போட்டி. 11 பேரில் ஒருவரைப் பிடிக்க மூன்றரைக் கேள்வி போதும். மீதிப் பதினாறு கேள்விகளும் ஏற்கெனவே விடை தெரிந்தவை. அடாப்டிவ் சார்ட்டிங் என்று நாம் சொல்வது, விடை தெரிந்த கேள்வியைக் கேட்காமல் விடுவதைத்தான்.

"பைத்தானின் sorted() இதைப் பார்த்துக்கொள்ளுமே" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பார்த்துக்கொள்ளும், ஆனால் எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்குள் இருப்பது டிம் பீட்டர்ஸ் 2002-ல் எழுதிய டிம்சார்ட். அது ஏற்கெனவே ஏறுவரிசையில் இருக்கும் துண்டுகளைத் தேடும். நம் லாகில் அப்படிப்பட்ட நீண்ட துண்டு இருக்காது, இரண்டு மூன்று எண்ணுக்கு ஒரு சறுக்கல் வந்துவிடும். அதனால் அது துண்டுகளை 32 முதல் 64 வரை நீட்டிக்கொள்ளும். நீட்டுவதற்குப் பயன்படுத்துவது அதே செருகல் முறைதான், இடத்தை மட்டும் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். அடுத்துத் துண்டுகளை இணைக்கும்போதுதான் சாமர்த்தியம். வலத் துண்டின் முதல் எண் இடத் துண்டில் எங்கே விழும், இடத் துண்டின் கடைசி எண் வலத் துண்டில் எங்கே விழும் என்று முதலில் பார்த்துவிடும். நம் பட்டியலில் இரண்டும் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் விழும். எனவே எல்லையில் இருக்கும் ஒரு சில எண்களை மட்டும் இணைத்துவிட்டு, மற்ற ஆயிரக்கணக்கானதைத் தொடாமலே விட்டுவிடும். முழுப் பட்டியலும் கையில் இருந்தால் நானும் sorted() தான் எழுதுவேன்.

நம் புதியவருக்கு அந்த வசதி இல்லை. நிகழ்வுகள் ஓடிவந்துகொண்டே இருக்கின்றன, முடிவு என்று ஒன்று கிடையாது. அங்கே அந்த "ஈரப் பகுதி" யோசனையை அப்படியே பயன்படுத்தலாம். k+1 நிகழ்வுகளை மட்டும் கையில் வைத்திருங்கள். அவற்றில் சிறியதை வெளியே விடலாம், அதற்குமுன் வரவேண்டியது எதுவும் பாக்கி இருக்க முடியாது. k ஐந்து, பத்து என்றால் அந்தச் சின்னக் கூட்டத்தைச் செருகல் முறையிலேயே அடுக்கி வைக்கலாம். அவர் செய்திருந்தது இதைத்தான். k ஆயிரம் ஆகிவிட்டால், சிறியதை எப்போதும் உச்சியில் வைத்திருக்கும் ஹீப் வேண்டும். ஒரு எண்ணுக்கு ஆயிரம் நகர்த்தல் வரை போவதற்குப் பதில் ஹீப்பில் பத்துப் படி ஏற்ற இறக்கத்தில் வேலை முடியும்.

இதில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். முன்பு வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, ஒரு நாள் லாகை எடுத்து விலகலை அளந்தேன், 5 வந்தது. கைக்குள் ஆறு நிகழ்வு வைத்து எழுதிவிட்டேன். சில வாரம் கழித்து ஒரு சர்வர் இணைப்பு அறுந்து, முக்கால் மணி நேரம் கழித்து மீண்டு, தேக்கிவைத்திருந்த பழைய நிகழ்வுகளை மொத்தமாக அனுப்பியது. நிரல் விழவில்லை, எச்சரிக்கையும் இல்லை. பழைய நேரமுள்ள நிகழ்வுகள் புதியவற்றுக்குப் பின்னால் அமைதியாக வெளியே போயின. அடுத்த கட்டத்தில் நிமிடக் கணக்கை எப்போதோ மூடிவிட்டார்கள், அதனால் அந்த முக்கால் மணி நேரக் கூட்டுத்தொகை குறைந்து நின்றது. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

செருகல் முறை முழுப் பட்டியல் மேல் ஓடியிருந்தால் அன்று மெதுவாகியிருக்கும், ஆனால் விடை சரியாக இருந்திருக்கும். கைக்குள் அளவு வைத்து ஓட்டினால் வேகம் அப்படியே இருக்கும், விடை தப்பாகிவிடும். இந்த வித்தியாசத்தை மறக்கவே கூடாது. தடுப்பதற்கு ஒரு நிபந்தனை போதும்:

```python
for x in src:
    if last is not None and x < last:
        late.append(x)
        continue
    heappush(h, x)
    if len(h) > k:
        last = heappop(h)
        emit(last)
```

கடைசியாக வெளியே விட்டதைவிடச் சிறியது ஒன்று உள்ளே வந்தால், k பற்றிய நம் நம்பிக்கை உடைந்துவிட்டது என்று பொருள். அதைத் தனியே எடுத்துவைத்து எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்.

k-ஐ அளக்கும்போது இன்னொன்று. தாமதத்தை மட்டும் அளந்தால் போதும். சீக்கிரமாக வந்துவிட்ட நிகழ்வு ஹீப்பில் காத்திருக்கும், ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிர வரிசையைக் கெடுக்காது. (ஒருவர் சீக்கிரம் வந்தால் மற்றவர்களின் தாமதம் ஒன்று கூடும், அது அளவில் தானாக வந்துவிடும்.)

"கிட்டத்தட்ட அடுக்கியிருக்கிறது" என்ற சொல்லையும் நம்பாதீர்கள். சம அளவுள்ள இரண்டு அடுக்கிய கோப்புகளை முன்பின்னாக மாற்றி ஒட்டிவிட்டால் பார்வைக்கு அடுக்கியதுபோலவே இருக்கும், ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கல். ஆனால் ஒவ்வொரு எண்ணும் தன் இடத்திலிருந்து n/2 தள்ளி நிற்கிறது, செருகல் முறை அங்கே 25,000 கோடியைத் தொட்டுவிடும். டிம்சார்ட்டுக்கு அது இரண்டே துண்டு, ஒரே இணைப்பு.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் k-ஐ 5-லிருந்து 64-க்கு உயர்த்தினேன். ஹீப்பில் அதன் கூடுதல் செலவு கண்ணில் படவே இல்லை. வேறொன்று பட்டது. k என்பது இடக் கணக்கு, நேரக் கணக்கு அல்ல. பகலில் 64 நிகழ்வு கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். நள்ளிரவில் நிமிடத்துக்குப் பத்துதான் வரும், அப்போது ஒரு நிகழ்வு ஆறு நிமிடத்துக்கு மேல் கைக்குள் காத்துக்கிடக்கும். அதனால் இப்போது இரண்டு விதி வைத்திருக்கிறேன்: 64-ஐத் தாண்டினாலும் வெளியே விடு, முப்பது விநாடிக்கு மேல் காத்திருந்தாலும் வெளியே விடு. இரண்டாவது விதி k தரும் உறுதியை உடைக்கும் என்று தெரிந்தேதான் வைத்தேன். உடையும் நேரங்களை `late` பட்டியல் பிடித்துவிடுகிறது, அதன் எண்ணிக்கையைத் தினமும் காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறேன்.

அழித்த வரிகளைத் திரும்பப் போடச் சொல்லி நேற்று அந்தத் தம்பிக்கு எழுதியிருக்கிறேன், `x < last` சோதனையையும் சேர்த்து.