தலைகீழான கோடு சொல்வது என்ன?

"கடன்பத்திரங்களின் வருவாய்க் கோடு வலப்பக்கம் சரிந்தால், இனி நீண்டகாலக் கடன் மலிவு என்றுதானே பொருள்?"

அப்படிக் கொள்வதற்கில்லை. வெவ்வேறு முதிர்வுக் காலம் கொண்ட அரசுக் கடன்பத்திரங்களின் வருவாயை ஒரே படத்தில் இணைப்பதே இந்தக் கோடு; வழக்கமாக வலப்பக்கம் உயரும் அது சரிந்தால் தலைகீழானது என்பார்கள். 2023 ஜூலை 3 அன்று அமெரிக்க அரசின் 2 ஆண்டுக் கடன்பத்திரம் 4.94 சதவீதமும், 10 ஆண்டுப் பத்திரம் 3.86 சதவீதமும் வருவாய் தந்தன. படத்தின் கிடையச்சு முதிர்வுக் காலத்தையும் செங்குத்து அச்சு வருவாயையும் காட்டுவதால், கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் கிடந்தது. இடமுனையை இழுத்து உயர்த்தியது அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி உயர்வு. வலமுனை தாழ்ந்திருந்ததற்கு, அந்த வட்டி பின்னாளில் குறைக்கப்படும் என்ற முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பே பெரும் காரணம். ஆனால் அதே வாரத்தில் அங்கே 30 ஆண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி ஏறத்தாழ 6.8 சதவீதம். அரசுக்குக் கிடைக்கும் விலையில் வீடு வாங்குபவருக்குக் கடன் கிடைப்பதில்லை.

வங்கிக்கும் இது நெருக்கடிதான். குறுகியகால வைப்புகளுக்குக் கூடுதல் வட்டி கொடுத்து, நீண்டகாலக் கடனுக்குக் குறைவாக வாங்கினால் இலாபம் சுருங்கும். எனவே அது கடன் கொடுக்கத் தயங்கும். கோடு தலைகீழானால் பொருளாதார மந்தநிலை வரும் என்ற அச்சத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் படம் நாள் குறித்துத் தருவதில்லை. 2006இல் தலைகீழான கோடு 2007 நடுவிலேயே நிமிர்ந்துவிட்டது; மந்தநிலை தொடங்கியதோ அவ்வாண்டு டிசம்பரில். மாறாக, 2022 ஜூலையில் கவிழ்ந்த கோடு 2024 செப்டம்பரில் நிமிரும்வரை அமெரிக்காவில் மந்தநிலை அறிவிக்கப்படவே இல்லை. ஆகவே கோடு நிமிர்ந்ததும் ஆபத்து நீங்கியது என்று கருதுவதை (நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கருதினேன்) தவிர்ப்பது நல்லது. அது குறுகியகால வட்டி சரிந்ததால் நிமிர்ந்ததா, நீண்டகால வட்டி ஏறியதால் நிமிர்ந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.