டிரையல் முடியும் தேதி: யாருடைய கடிகாரப்படி?

சந்தா சேவைகளின் இலவச டிரையல் பற்றிப் பலர் நம்புவது இது: “டிரையல் ஜனவரி 11 அன்று முடிகிறது என்று மின்னஞ்சல் வந்தால், நீங்கள் இருக்கும் ஊரில் 11ஆம் தேதி நள்ளிரவு வரை ரத்து செய்யலாம்.”

சில சேவைகளில் இது சரி, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. பல சேவைகள் தேதியை அல்ல, நீங்கள் பதிவு செய்த நொடியைத்தான் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் குறித்துக்கொள்கின்றன. 7 நாள் என்றால் அந்த நொடியிலிருந்து சரியாக 168 மணி நேரம்.

டோக்கியோவில் ஜனவரி 4 காலை 9 மணிக்குப் பதிவு செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யுடிசியில் அது 4ஆம் தேதி 00:00. முடிவது 11ஆம் தேதி 00:00. அதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டால், அங்கே அப்போது 10ஆம் தேதி மாலை 4 மணிதான். நீங்கள் நம்பிய நள்ளிரவுக்கு 32 மணி நேரம் முன்பே பணம் போய்விடும். எதிர்த் திசையில் பயணித்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது, அதனால்தான் இந்த நம்பிக்கை பிழைத்திருக்கிறது போலும்.

ஆப்பிள் வழியாக எடுத்ததென்றால் இன்னும் இறுக்கம்: டிரையல் முடிய குறைந்தது 24 மணி நேரம் முன்பு ரத்து செய்யச் சொல்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் அது லாஸ் ஏஞ்சல்ஸ் நேரப்படி 9ஆம் தேதி மாலை 4.

அப்புறம், போன் நேரத்தைப் பின்னால் தள்ளினால் போதும் என்று ஒருவர் சொன்னார். கணக்கு வைப்பது சர்வர், அதற்கு உங்கள் போன் தெரியாது. நான் பதிவு உறுதி மின்னஞ்சல் வந்த நேரத்தைத்தான் பார்ப்பேன். கணக்கு அமைப்பில் நேர மண்டலத்தை மாற்றினால் கெடுவும் நகருமா என்று கேட்டவருக்கு: அது சேவைக்குச் சேவை மாறும், அவர்களிடமே கேளுங்கள்.